"அக்கா, மா கைக்குது": ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் எழுதாமல் இருக்க ஒரு பதில் நூலகம்

யாழ்ப்பாணத்தில் வீட்டோடு ஒரு தொழிலைத் தொடங்கி, வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்து, கூரியரில் பொதி அனுப்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். இவர்களுக்கென்று நடக்கிற பயிற்சிப் பட்டறைகளில் தவறாமல் ஒரு அறிவுரை வரும்: "வாடிக்கையாளர் கேட்கிற கேள்விகளைப் பதிவுகளாகப் போடுங்கோ." அறிவுரையில் பிழை இல்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் செய்வதைப் பாருங்கள். உட்கார்ந்து யோசித்துத் தானே பத்துக் கேள்வி எழுதுகிறார், தானே பதிலும் எழுதுகிறார், அதை ஒரு வடிவமைப்பாளரிடம் கொடுத்து நல்ல வண்ணத்தில் ஒரு படமாக ஆக்கி பேஸ்புக்கில் போடுகிறார். முப்பது லைக் விழுகிறது. அடுத்த கிழமை அதே கேள்வி மறுபடி வட்ஸ்அப்பில் வருகிறது, அவரும் மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்கிறார், ஏனென்றால் அந்தப் படம் எங்கே போனது என்று அவருக்கே தெரியாது.

இன்னொரு பக்கம், வட்ஸ்அப் பிஸ்னஸில் சாய்கோடு போட்டால் வருகிற தயார்ப் பதில்களைச் சேமித்துவிட்டு "எங்களிட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கு" என்பவர்கள். அது நல்ல வசதிதான், நானும் பாவிக்கச் சொல்வேன். ஆனால் அது உங்கள் போனுக்குள் இருக்கிறது. வாடிக்கையாளர் இரவு பதினொரு மணிக்கு அதைத் திறந்து தேட முடியாது.

பதில் நூலகம் என்பது இந்த இரண்டும் இல்லை. வாடிக்கையாளர் உண்மையில் கேட்ட கேள்விகளில் அடிக்கடி வருவதை எடுத்து, ஒரு கேள்விக்கு ஒரு சிறு பதிவு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி கொடுத்து, கேட்கிறவர் தன்னுடைய சொல்லைத் தட்டினால் கிடைக்கிற மாதிரி வைப்பது. இதில் எழுதுவது சின்ன வேலை. கிடைக்கப்பண்ணுவதுதான் பெரிய வேலை, அதிலும் தமிழில் அது கொஞ்சம் வில்லங்கமானது. இந்தக் கட்டுரையில் அதிக இடம் அதற்குத்தான்.

## பாஸ்ட் பேப்பரை அடுக்கின மாதிரி

ஏ.எல். எடுத்த எவருக்கும் பாஸ்ட் பேப்பர் தெரியும். ஆண்டு வாரியாக ஒரு கட்டு இருக்கும்: ஒவ்வொரு வருடத்துத் தாளும் முழுதாக. அதே கேள்விகளை அலகு வாரியாகப் பிரித்த இன்னொரு புத்தகமும் இருக்கும். ஆண்டு வாரியான கட்டைப் புரட்டினால் கேள்விகள் எல்லாம் வேறு வேறாகத் தெரியும். அலகு வாரியாக அடுக்கினதும்தான், ஒரே கேள்வி நாலு வருடத்தில் நாலு உருவத்தில் வந்திருப்பது பிடிபடும். ரியூசன் வாத்தியார் "இது வேற சட்டை போட்டு வந்த பழைய கேள்வி" என்று சொல்வது இந்த அடுக்கலை அவர் ஏற்கனவே மனதில் செய்து வைத்திருப்பதால்தான்.

உங்கள் வட்ஸ்அப் ஆண்டு வாரியான கட்டு. யார், எப்போது கேட்டார் என்ற வரிசையில் கிடக்கிறது. பதில் நூலகம் அலகு வாரியான புத்தகம். கேள்வி எதைப் பற்றியது என்ற வரிசை. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போவதுதான் முழு வேலையும், அந்தப் பயணத்தில் எந்தப் படியில் கால் இடறும் என்பதைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

## ஒரு தொழில், ஒரு கேள்வி

உதாரணத்துக்கு ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். சுன்னாகப் பக்கத்தில் ஒருவர் ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, வறுத்து இடித்த மிளகாய்த்தூள் விற்கிறார். வாங்குகிறவர்கள் கொழும்பிலும் வவுனியாவிலும் கொஞ்சம், லண்டன், ரொறன்ரோவில் உள்ள உறவுக்காரருக்கு அனுப்பச் சொல்கிறவர்கள் கொஞ்சம். இவருக்கு வருகிற மெசேஜ்களில் ஒரு பிடியை எடுத்தால் இப்படி இருக்கும்:

"அக்கா மா கைக்குது, பழுதாப் போச்சோ?"

"ஒடியல் மாவு கசப்பா இருக்கு, எக்ஸ்பைரி முடிஞ்சுதா?"

"odiyal maa kasakkuthu"

"கூழ் வைச்சனான், ஒருத்தரும் குடிக்கேல்லை. போன முறை தந்த மா இப்பிடி இல்லை."

"மா எவ்வளவு நேரம் ஊற விடோணும்?"

ஐந்து மெசேஜ், ஐந்து குரல். கடைசிக்கு முதல் மெசேஜில் கசப்பு என்ற சொல்லே இல்லை, கோபம்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து பேருக்கும் தேவையான பதில் ஒன்றுதான். ஒடியல் என்பது பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தது, அதன் மாவில் கசப்பு இயல்பாகவே உண்டு, தண்ணீரில் ஊறவிட்டு அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றினால் பெரும்பகுதி போய்விடும். ஊரில் கூழ் காய்ச்சி வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. அம்மம்மா கைவேலையைப் பார்க்காமல் வெளியூரில் வளர்ந்தவர் பக்கற்றைப் பிரித்து நேரே பானைக்குள் கொட்டிவிடுவார்.

இங்கே ஒரு விதி வருகிறது, இந்த முழு வேலையிலும் அதிகம் உதவுவது இதுதான்: கேள்விகளைச் சேர்க்கும்போது சொற்களைப் பார்க்காதீர்கள், பதிலைப் பாருங்கள். பதில் ஒன்று என்றால் கேள்வியும் ஒன்று. சொற்கள் ஒரே மாதிரி இருந்தாலும் பதில் வேறென்றால் அவை இரண்டு கேள்விகள். "மா எவ்வளவு நாள் இருக்கும்?" என்று ஒருவர் வாங்குவதற்கு முன் கேட்டால் அவருக்கு வேண்டியது பக்கற்றில் உள்ள திகதி. அதே சொற்களில் இன்னொருவர் பக்கற்றை வெட்டின பிறகு கேட்டால், போத்தலில் போட்டு இறுக்கி மூடி, ஈரக் கரண்டி போடாமல் வைப்பது பற்றித்தான் அவருக்குச் சொல்லவேண்டும். இரண்டையும் ஒரு பதிவில் அடைத்தால் இருவருமே பாதியில் விட்டுவிடுவார்கள்.

## கேள்விகளை எடுப்பது

பெரிய மென்பொருள் ஒன்றும் வேண்டாம். ஒரு கொப்பியோ, ஒரு விரிதாளோ போதும். கடைசி மூன்று மாத உரையாடல்களைத் திறந்து, கேள்விக்குறி உள்ளதும் இல்லாததுமாக ஒவ்வொரு கேள்வியையும் அவர் எழுதின சொல்லிலேயே எழுதுங்கள். எழுத்துப்பிழையையும் திருத்தாதீர்கள், அது பின்னால் தேவைப்படும். பக்கத்தில் இரண்டு விஷயம் மட்டும் குறியுங்கள்: வாங்க முன் கேட்டதா, வாங்கின பின் கேட்டதா, பதில் என்ன என்று ஒரு வரி. நீளமான உரையாடல் என்றால் வட்ஸ்அப்பில் Export chat என்று இருக்கிறது, அது அந்த ஒரு உரையாடலை எழுத்துக் கோப்பாகத் தரும், கணினியில் வைத்து வாசிப்பது கண்ணுக்குச் சுகம். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன் நம்பர் எதையும் இந்தத் தாளுக்குக் கொண்டுவராதீர்கள்.

தொலைபேசியில் கேட்கிற கேள்விகளும் இருக்கின்றன, அவற்றை அந்த இடத்திலேயே குறித்தால்தான் உண்டு. வயதானவர்கள் மெசேஜ் போட மாட்டார்கள், கூப்பிட்டுத்தான் கேட்பார்கள். அவர்கள் கேட்பதை விட்டுவிட்டால் உங்கள் பட்டியல் இளையவர்களின் பட்டியலாகிவிடும்.

இன்னொரு பொறி காலம். பனங்கிழங்கு வருடம் முழுக்கக் கிண்டுகிற பொருள் இல்லை. பாத்தி போட்டு, தை மாசி வாக்கில் கிண்டி, வெயிலில் காயவைத்து எடுக்கவேண்டும். ஆகவே ஐப்பசியில் இருந்து பின்னோக்கி மூன்று மாதம் எண்ணினால் "புதுசு எப்ப வரும்?" என்ற கேள்வி முதலிடத்தில் நிற்கும், பங்குனியில் எண்ணினால் அது பட்டியலிலேயே இராது. பருவத்தோடு ஓடுகிற தொழில் என்றால் ஒரு தரம் எண்ணிவிட்டு முடிந்தது என்று இருக்கமுடியாது.

எண்ணி முடித்ததும் அதிகம் வந்ததிலிருந்து ஒரு பதினைந்தை மட்டும் எடுங்கள். மிச்சத்தை விடுங்கள். பட்டியலின் அடியில் "உங்கட கடைப் பெயர் ஏன் இப்பிடி வைச்சனீங்கள்?" என்று ஒருவர் கேட்டது கிடக்கும், எழுத ஆசையாகத்தான் இருக்கும், பிறகு பார்க்கலாம்.

இதுவரை: கேட்டவரின் சொல்லை அப்படியே எடுத்தோம், பதில் ஒன்றாக இருப்பதை ஒன்றாகச் சேர்த்தோம், அடிக்கடி வந்ததை மட்டும் தெரிந்தெடுத்தோம். இனி ஒரு பதிவு எப்படி இருக்கவேண்டும் என்று பார்ப்போம்.

## ஒரு பதிவின் உடம்பு

கசப்புக் கேள்விக்கான பதிவை முழுதாக எழுதிக் காட்டுகிறேன்.

> ஒடியல் மா கைக்கிறது, பழுதாகிவிட்டதா?
>
> இல்லை. ஒடியல் மா இயல்பிலேயே கசக்கும். சமைக்க முன் கசப்பை எடுக்கவேண்டும்.
>
> மாவை ஒரு பாத்திரத்தில் போட்டு, மூடி நிற்கிற அளவுக்குத் தண்ணீர் விட்டு ஒன்றிரண்டு மணித்தியாலம் ஊற விடுங்கள். மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை மெல்ல வடித்து ஊற்றுங்கள். இன்னும் கைத்தால் புதுத் தண்ணீர் விட்டு ஒருமுறை மீண்டும் செய்யுங்கள். அந்த மாவைக் கரைத்துக் கூழில் கடைசியாகச் சேருங்கள்.
>
> பூஞ்சண மணம், ஈரக்கட்டி, வண்டு இருந்தால் அது பழுது. படம் எடுத்து அனுப்புங்கள், மாற்றித் தருவோம்.
>
> புழுக்கொடியல் மா வேறு பொருள். அது அவித்துக் காயவைத்த கிழங்கின் மா, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு அப்படியே சாப்பிடுவது.
>
> இப்படியும் கேட்பார்கள்: ஒடியல்மா கைக்குது, ஒடியல் மாவு கசப்பு, மா எவ்வளவு நேரம் ஊற வேண்டும், odiyal maa kasakkuthu, odiyal flour bitter
>
> கடைசியாகச் சரிபார்த்தது: 2025 மாசி

தலைப்பு வாடிக்கையாளரின் வாயில் வந்த கேள்வி. "எமது ஒடியல் மாவின் இயற்கைப் பண்புகள்" என்று தலைப்பு வைக்கத்தான் கை வரும், ஆனால் கூழ் கைத்து முகம் சுருங்கிப்போய் நிற்கிறவர் இயற்கைப் பண்புகளைத் தேட மாட்டார். முதல் சொல்லே பதில்: இல்லை. அதற்குப் பிறகு செய்முறை. அதற்குப் பிறகு, பதில் பொருந்தாமல் போகிற இடம், அதாவது உண்மையிலேயே பழுதான மாவை எப்படி அறிவது என்பது. இந்தப் பகுதியைப் பலர் விட்டுவிடுவார்கள். விட்டால் என்ன ஆகும்? வண்டு விழுந்த பக்கற் கிடைத்தவருக்கும் "அது இயல்பு" என்று லிங்க் போகும், அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

ஊறவைக்கிற நேரத்தை நான் எழுதின மாதிரியே எடுக்கவேண்டாம். அரைப்பு நைசா, குறுணியா என்பதைப் பொறுத்தும் அது மாறும். உங்கள் மாவை நீங்களே ஊறவிட்டுப் பார்த்து எழுதுங்கள். தொழில் நடத்துகிறவர் எழுதுகிற பதிலின் பெறுமதியே அதுதான், இணையத்தில் கிடக்கிற பொதுவான சமையல் குறிப்பைக் கொண்டுவந்து ஒட்டுவதென்றால் அதற்கு நீங்கள் தேவையில்லை.

அடியில் உள்ள "இப்படியும் கேட்பார்கள்" என்ற வரி வாசிக்கிறவருக்காக இல்லை. அது ஏன் என்பதுதான் அடுத்த பகுதி.

## தேடல் உண்மையில் எப்படி வேலை செய்கிறது

ஒரு இணையத்தளத்தின் தேடல் பெட்டியில் நீங்கள் ஒரு சொல்லைத் தட்டினால் அது எல்லாப் பதிவையும் அந்த நேரத்தில் இருந்து வாசிப்பதில்லை. பெரும்பாலான தேடல்கள் முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கும்: இந்தச் சொல் இன்ன இன்ன பதிவில் இருக்கிறது என்று. பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவு போல. இதற்குத் தேடல் சுட்டி என்று பெயர். நீங்கள் தட்டின சொல் சுட்டியில் இருந்தால் பதிவு வரும். இல்லாவிட்டால் வராது. நீங்கள் என்ன நினைத்துத் தட்டினீர்கள் என்பது சின்னத் தேடல்களுக்குத் தெரியாது, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான் தெரியும்.

இப்போது தமிழுக்கு வருவோம். தமிழில் சொல் தனியாக நிற்பது குறைவு. ஒடியல், ஒடியலை, ஒடியலுக்கு, ஒடியலில், ஒடியல்மா. நமக்கு இவை ஒரே பொருள், கணினிக்கு ஐந்து வேறு சொற்கள். சுட்டியில் "ஒடியலை" மட்டும் இருந்து, தேடுகிறவர் "ஒடியல்" என்று தட்டினால் பொருந்தாது.

"சொல்லின் பாதி பொருந்தினாலும் காட்டு என்று வைக்கலாமே?" என்று கேட்பீர்கள். சில தேடல்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன, ஆனால் இதில் இன்னொரு சிக்கல், பலர் கவனிக்காதது. கணினி "ல்" என்பதை ஒரு எழுத்தாகச் சேமிப்பதில்லை. ல ஒன்று, புள்ளி ஒன்று, இரண்டு குறிகள். "ஒடியலை" என்பதில் ல வருகிறது, அதன் பின் ஐகாரக் குறி வருகிறது, புள்ளி இல்லை. ஆகவே "ஒடியல்" என்பது "ஒடியலை" என்பதன் முன்பாதியாகக் கூடப் பொருந்தாது. கண்ணுக்கு உள்ளே இருக்கிறது, கணினிக்கு இல்லை. "கசப்பு" என்று தேடினால் "கசப்பாக" கிடைக்காததும் இதே காரணத்தால்தான்.

மறுபக்கம் "மா" என்ற சொல் இருக்கிறதே, அதைப் பாதிப் பொருத்தத்தில் தேடிப்பாருங்கள். மாதம், மாம்பழம், அம்மா, ஆமாம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றில் எதுவும் வராது, அல்லது எல்லாமே வரும்.

கூகுள் போன்ற பெரிய தேடல்கள் சொல்லின் உருவ மாற்றங்களை ஓரளவு சமாளிக்கின்றன. ஆனால் உங்கள் சின்னத் தளத்தின் தேடல் பெட்டியையும், போனில் உள்ள குறிப்புச் செயலியையும் அப்படி நம்பியிருக்க முடியாது. அதனால் வேலையை எழுதுகிற நாங்கள்தான் செய்யவேண்டும், நல்லவேளையாக அது கஷ்டமில்லை. ஒவ்வொரு பதிவிலும் முக்கியமான சொல் ஒருமுறையாவது வேற்றுமை உருபு ஒட்டாமல் மொட்டையாக நிற்கவேண்டும். தலைப்பில் நின்றால் மிக நல்லது. "ஒடியல் மா கைக்கிறது" என்ற தலைப்பில் ஒடியலும் மாவும் மொட்டையாக நிற்பது அதற்காகத்தான். மிச்ச உருவங்கள் "இப்படியும் கேட்பார்கள்" வரிக்குப் போகும்: சேர்த்து எழுதினது, பிரித்து எழுதினது, நாங்கள் "கைக்குது" என்பதும் மற்றவர்கள் "கசக்குது" என்பதும், ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களின் தமிழ். கேள்விகளைத் திருத்தாமல் எழுதச் சொன்னேனே, அந்தக் கொப்பிதான் இந்த வரிக்கு ஊற்று. சும்மா கற்பனையில் இருபது உருவம் எழுதி நிரப்பாதீர்கள். மக்கள் உண்மையில் தட்டினது நாலைந்து போதும்.

## கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வேறெதுவோ

யாழ்ப்பாணத்தில் இது தனியாகச் சொல்லவேண்டிய விஷயம். எங்கள் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. பக்கற் லேபல் அடித்தவர் தந்த கோப்பிலிருந்து எழுத்தை வெட்டி எடுத்துத் தளத்தில் ஒட்டினால் சிலவேளை `jkpo;` என்று வரும். அது "தமிழ்" என்ற சொல். பாமினியில் தட்டினால் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. தேடுகிறவரின் போன் தமிழை யுனிகோட்டில் தட்டுகிறது, அதாவது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் உலகம் முழுதும் ஒரே எண் என்ற முறையில். இரண்டும் ஒருநாளும் சந்திக்காது. பாமினியில் இருப்பதை யுனிகோட்டுக்கு மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு, மாற்றின பிறகு ஒருமுறை கண்ணால் வாசித்துவிடுங்கள்.

படமாகப் போட்ட பதில் இதைவிட மோசம். அழகான வண்ணத்தில், பனைமரம் எல்லாம் வரைந்து, நடுவில் ஊறவைக்கிற விபரம் எழுதின படத்தில் தேடல் சுட்டிக்கு எடுக்க ஒரு சொல்லும் இல்லை. கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுகிற செயலியும் அதில் திணறும். படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்து எழுத்தாக இருக்கட்டும், படம் பக்கத்தில் நிற்கட்டும்.

சரி, எங்கே வைப்பது? ஒவ்வொரு பதிவுக்கும் தனி முகவரி கிடைக்கிற எந்த இடமும் சரி, இலவசத் தளம் என்றாலும் பரவாயில்லை. ஒரே பக்கத்தில் பதினைந்து கேள்வியையும் அடுக்கினால் வாடிக்கையாளருக்கு "கீழ போய்ப் பாருங்கோ" என்று சொல்லத்தான் முடியும். ஸ்டோரியில் போட்டது 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும். தளத்தில் தேடல் பெட்டியே இல்லை என்றால், அதைக் கூகுள் ஏற்கனவே கண்டுபிடித்திருந்தால், இப்படித் தட்டிப் பார்க்கலாம் (முகவரிக்குப் பதில் உங்களுடையதைப் போடுங்கள்):

```
site:example.com ஒடியல் மா
```

இடையில் ஒரு எச்சரிக்கை. கேள்வி-பதில் பக்கங்களுக்கு ஒரு சிறப்புக் குறியீடு சேர்த்தால் கூகுளின் முடிவுகளிலேயே கேள்விகள் விரிந்து தெரியும் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 ஓகஸ்ட் மாதத்தில் கூகுள் அந்த வசதியை நன்கு அறியப்பட்ட அரச, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. ஒடியல் மா விற்கிறவர் அதற்குச் செலவழிக்கத் தேவையில்லை.

சுருக்கமாக: தேடல் எழுத்தைத்தான் ஒப்பிடுகிறது. ஆகவே மொட்டைச் சொல் தலைப்பில், மற்ற உருவங்கள் அடி வரியில், எல்லாம் யுனிகோட்டில், எதுவும் படத்துக்குள் இல்லை.

## எந்தக் கேள்வியை நூலகத்தில் வைக்கக்கூடாது

விலைக் கேள்விதான் எல்லாருக்கும் அதிகம் வரும், அதை எல்லாப் பதிவிலும் எழுதத்தான் கை போகும். வேண்டாம். 2022இல் சாமான் விலை கிழமைக்குக் கிழமை மாறினதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரிக் காலத்தில் பன்னிரண்டு பதிவில் விலை எழுதி வைத்தவர் பன்னிரண்டையும் திருத்தவேண்டும், ஒன்றை மறந்தால் அந்த ஒன்றைத்தான் வாடிக்கையாளர் காட்டிச் சண்டை பிடிப்பார். விலைக்கு ஒரு பதிவு, அனுப்புகிற கட்டணத்துக்கு ஒரு பதிவு, மற்றவை எல்லாம் அந்த இரண்டுக்கும் லிங்க் கொடுக்கட்டும். வெளிநாட்டுக்கு உணவுப் பொருள் அனுப்புகிற விதிகளும் இதே வகை. நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறும், சரிபார்த்த திகதி இல்லாமல் எழுதவே கூடாது.

ஒருவரின் பொதி எங்கே நிற்கிறது, பணம் ஏன் வந்து சேரவில்லை என்பது அவருடைய சொந்த விஷயம். அது பதிவாகாது. நீங்களே கதைத்து முடிக்கவேண்டும்.

அடுத்தது, பனைப் பொருள் விற்கிற எவரும் தப்பமுடியாத கேள்வி: "சீனி வருத்தக்காரர் பனங்கட்டி சாப்பிடலாமோ?" இதற்குப் பதிவு எழுதுங்கள், ஆனால் விற்பனைக்காரராக எழுதாதீர்கள். பனங்கட்டியிலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்குரோசுதான். "எவ்வளவும் சாப்பிடலாம், இயற்கை" என்று எழுதினால் இரண்டு பக்கற் கூட விற்கும், ஒருவருடைய சீனி ஏறும். "பனங்கட்டியும் சீனி வகைதான், உங்கள் வைத்தியரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள்" என்ற இரண்டு வரி போதும். இப்படியான ஒரு பதிவு இருப்பதைப் பார்த்த வாடிக்கையாளர் உங்கள் மிச்சப் பதில்களையும் நம்புவார் என்பது என் எண்ணம்.

## பாவிப்பதும் பராமரிப்பதும்

நூலகம் இருக்கிறது என்பதற்காக, கேள்வி கேட்டவருக்கு வெறும் லிங்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். ஊரில் அது மரியாதை இல்லை. "கைக்கிறது இயல்பு அக்கா, ஊற விட்டா போயிடும். முழு விபரம் இதில இருக்கு" என்று ஒரு வரி, பிறகு லிங்க். அந்த ஒரு வரியையும் லிங்க்கையும் சேர்த்து வட்ஸ்அப் பிஸ்னஸின் தயார்ப் பதிலாகச் சேமித்து `/kasappu` என்று பெயர் வைத்தால், தட்டச்சு வேலை ஒரு சொல்லோடு முடியும். தயார்ப் பதிலும் நூலகமும் இப்படித்தான் ஒன்றையொன்று தாங்கவேண்டும்.

லிங்க் அனுப்பின பிறகு என்ன கேள்வி வருகிறது என்று பாருங்கள். பதிவு வேலை செய்கிறதா என்பதை அதுதான் காட்டும். "நன்றி" என்று வந்தால் சரி. "சரி, ஆனா வடிச்ச தண்ணியைக் கூழுக்கு விடலாமோ?" என்று இரண்டு பேர் கேட்டால் பதிவில் ஒரு வரி குறைகிறது, அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். அதே போல, உங்கள் தளம் தேடப்பட்ட சொற்களைக் காட்டும் என்றால், தேடி ஒன்றும் கிடைக்காத சொற்களை மாதம் ஒருமுறை பாருங்கள். அதில் "புழுக்குடியல்" என்று நாலு பேர் தட்டியிருந்தால், பதில் இருந்தும் எழுத்து வித்தியாசத்தால் அவர்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள். அடி வரியில் அந்த எழுத்தையும் சேர்த்தால் முடிந்தது. நீங்கள் விற்காத ஒரு பொருளின் பெயர் அங்கே திரும்பத் திரும்ப வந்தால், அது பதிவு எழுதுவதற்கான செய்தி இல்லை, வேறு ஏதோ செய்தி.

குறிச்சொல் பற்றியும் கேட்பார்கள், அதாவது பதிவுகளை வகைப்படுத்த ஒட்டுகிற சிறு பெயர்கள். பதினைந்து பதிவுக்கு நாலு போதும்: சமைப்பது, சேமித்து வைப்பது, ஓடர், அனுப்புவது. ஒரு பதிவுக்கு மட்டும் ஒட்டின குறிச்சொல்லால் யாருக்கும் பயனில்லை.

கடைசியாக ஒன்று. எண்ணிப் பார்த்தபோது கசப்புக் கேள்விதான் முதலிடம் என்றால், அதைப் பதிவு எழுதி மட்டும் தீர்க்காதீர்கள். கேள்வி பிறக்கிற இடம் பக்கற். அடுத்த முறை லேபல் அடிக்கும்போது "சமைக்க முன் ஊற விட்டுத் தண்ணீரை வடிக்கவும்" என்று ஒரு வரியை முன்பக்கத்திலேயே போடுங்கள், பக்கத்தில் அந்தப் பதிவுக்குப் போகிற கியூஆர் குறியையும் சேருங்கள். பதிவின் முகவரியை அதன் பிறகு மாற்றக்கூடாது, அச்சடித்த லேபலைத் திருத்த முடியாது. லேபல் மாறிய பிறகும் கேள்வி வரும், ஆனால் அது பெரும்பாலும் பக்கற்றிலிருந்து மாவைப் போத்தலுக்கு மாற்றிக் கொடுத்த மாமி வீட்டிலிருந்து வரும்.